பன்னிரண்டரை இலட்சமா, ஒன்றேகால் இலட்சமா?

கூட்டுறவுச் சங்கமொன்றின் கடன் விளக்கக் கூட்டம் எனக் கொள்வோம். திரையில் ஒரு வரி: ‘03/04/2025 இற்கு முன் 0770123456 இற்கு அழைத்து, ரூ.1250000 வரையான கடனுக்குப் பதியவும்.’ அரை நிமிடத்தில் ஸ்லைட் மாறிவிடும். இறுதி நாள் மார்ச் 4 ஆ, ஏப்ரல் 3 ஆ? தொகை பன்னிரண்டரை இலட்சமா, ஒன்றேகால் இலட்சமா? திகதியைத் தவறாக வாசித்தவர் கடனையே இழக்கலாம்.

காற்புள்ளி இட்டாலும் சிக்கல் முழுதாகத் தீராது. இலங்கையில் 1,250,000 என மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்தே எழுதுகிறோம். ஆனால் பேசுவதும் மனதில் கணக்கிடுவதும் இலட்சத்தில். அதனால் வாசிப்பவர் பூச்சியங்களை எண்ணத் தொடங்குகிறார். ‘12.5 இலட்சம் ரூபா’ என்றால் எண்ண வேண்டியதில்லை. ஆனால், கட்டவேண்டிய தொகை 1,247,500 ரூபா எனில் அதை இப்படிச் சுருக்கக்கூடாது. முழு எண்ணும் திரையில் இருக்க வேண்டும்.

திகதியில் மாதத்தைப் பெயரால் எழுதி, கிழமையையும் சேர்த்தால் குழப்பம் இல்லை. ‘முன்’ என்பது அந்த நாளையும் சேர்க்குமா என்ற ஐயம் எழும். ‘வரை’ என்பதே தெளிவு. தொலைபேசி எண்ணை 3, 3, 4 இலக்கங்களாகப் பிரித்து, ‘இற்கு’ ஒட்டாமல் தனி வரியில் விட்டால், கேட்பவர் பார்த்தபடியே குறித்துக்கொள்வார்.

அதே ஸ்லைட் இப்போது:

கடன்: 12.5 இலட்சம் ரூபா வரை
பதிவு: 3 ஏப்ரல் 2025, வியாழன் வரை
அழைக்க: 077 012 3456