சந்தையின் கணக்கும் முதலீட்டாளரின் கணிப்பும்

பல நாட்டுப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பணத்தைப் பிரித்துப் போடும் பெரிய நிதிகள், எதில் எவ்வளவு என்பதை முடிவு செய்யப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று பிளாக்–லிட்டர்மன் முறை. 1973-இல் மைரன் ஷோல்ஸுடன் சேர்ந்து ஆப்ஷன் விலைச் சூத்திரத்தை வெளியிட்ட ஃபிஷர் பிளாக்கும், பொருளியலாளர் ராபர்ட் லிட்டர்மனும் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் 1990-இல் இதை உருவாக்கினார்கள். 1992-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இதைப் பரவலாக அறியச் செய்தது. சந்தை ஏற்கெனவே என்ன வருமானத்தை எதிர்பார்க்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வது, பிறகு முதலீட்டாளரின் சொந்தக் கணிப்பை, அதன்மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கையோ அந்த அளவுக்கு மட்டும், அதோடு கலப்பது என்பதே இம்முறை.

இப்படி ஒரு கலவை தேவைப்பட்டதற்குக் காரணம் பழைய முறையில் இருந்த கோளாறு. ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் தந்த கணக்கில், ஒவ்வொரு முதலீட்டின் எதிர்பார்ப்பு வருமானம், அதன் ஏற்ற இறக்கம், முதலீடுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்ற மூன்றையும் கொடுத்தால், எதில் எத்தனை சதவீதம் போடலாம் என்று விடை வரும். கணிதத்தில் குறையில்லை. ஆனால் வருமானத்தைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. கணக்கோ அந்த எண்ணைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்கிறது. சேர்ந்தே நகரும் இரண்டு சந்தைகளில் ஒன்றின் வருமானத்தைச் சற்று உயர்த்திக் கொடுத்தால் போதும், பணம் முழுவதையும் அங்கே தள்ளிவிடும். சில சமயம் மற்றதை விற்றுக் கடன்பட்டாவது இதை வாங்கச் சொல்லும்.

எளிய கணக்கு ஒன்றில் இதைப் பார்க்கலாம். அ, ஆ என்று இரண்டு நாட்டுச் சந்தைகள். இரண்டின் ஆண்டு ஏற்ற இறக்கமும் 20 சதவீதம். அவற்றின் ஒட்டுறவு 0.8, அதாவது பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி இறங்குபவை. மொத்தச் சந்தை மதிப்பில் அ-வின் பங்கு 60 சதவீதம், ஆ-வின் பங்கு 40. அ 8 சதவீதமும் ஆ 10 சதவீதமும் தரும் என்று ஒருவர் நினைத்து, அந்த எண்களைப் பழைய கணக்கில் அப்படியே போட்டால் வரும் விடை: அ-வில் ஒன்றும் வேண்டாம், 100 சதவீதமும் ஆ-வில். இரண்டு சதவீதப் புள்ளி வித்தியாசத்துக்கு இது மிக அதிகம். அந்த வித்தியாசமே ஓர் ஊகம்தான்.

பிளாக்கும் லிட்டர்மனும் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். வருமானத்தைக் கொடுத்து விகிதம் கேட்பதற்குப் பதிலாக, சந்தையில் இப்போது இருக்கும் விகிதத்தைக் கொடுத்து, என்ன வருமானத்தை எதிர்பார்த்தால் இந்த விகிதம் நியாயமாகும் என்று கேட்டார்கள். ஏற்ற இறக்கம் 20 சதவீதம் என்றால் அதன் வர்க்கம் 0.04, இரண்டு சந்தைகளும் சேர்ந்து நகரும் அளவு அதில் 0.8 மடங்கு, 0.032. அ-வுக்கு 0.04-ஐ 0.6-ஆல் பெருக்கி, 0.032-ஐ 0.4-ஆல் பெருக்கிக் கூட்டினால் 0.0368. ரிஸ்க்கை ஏற்க முதலீட்டாளர்கள் கேட்கும் கூலியைக் குறிக்கும் ஓர் எண்ணால் இதைப் பெருக்க வேண்டும். அதை 2.5 என்று வைத்தால் அ-வின் வருமானம் 9.2 சதவீதம். அதே வழியில் ஆ-வுக்கு 8.8. இவை ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல் கிடைப்பதாகக் கொள்ளும் வருமானங்கள். கணிப்பு எதுவும் இல்லாதவருக்கு இந்த எண்களே போதும். கணக்கில் திரும்பப் போட்டால் 60–40 என்ற சந்தை விகிதமே கிடைக்கும்.

இனி கணிப்பு. அ-வைவிட ஆ 2 சதவீதப் புள்ளி அதிகம் தரும் என்கிறார் முதலீட்டாளர். சந்தைக் கணக்குப்படி ஆ 0.4 புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடைவெளி 2.4 புள்ளி. சந்தைக் கணக்குக்கும் சொந்தக் கணிப்புக்கும் சமமான நம்பிக்கை என்றால், அந்த இடைவெளியில் பாதியைக் கடக்கலாம். அ-வின் வருமானம் 8.6-ஆகவும் ஆ-வின் வருமானம் 9.4-ஆகவும் மாறும், விகிதம் 30–70 ஆகும். நம்பிக்கை குறைந்து கால் பங்கு மட்டும் கடந்தால் வருமானம் 8.9, 9.1, விகிதம் 45–55. முழு நம்பிக்கை வைத்தால் 8, 10 என்ற பழைய எண்களும் 0–100 என்ற பழைய விடையும் அப்படியே வந்து நிற்கும். இம்முறையில் மிதம் தானாக வருவதில்லை. தன் கணிப்பைத் தானே எவ்வளவு சந்தேகிக்கிறார் என்பதை முதலீட்டாளர் ஓர் எண்ணாகச் சொல்வதால் வருகிறது.

புதிதாகப் பயன்படுத்துபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அ-வின் பக்கம் சாய்கிற ஒருவர், ஆ-வைவிட அது 0.2 புள்ளி அதிகம் தரும் என்கிறார். அ-வில் முதலீடு கூடும் என்று எதிர்பார்ப்பார், குறையும். ஏனென்றால் அ 0.4 புள்ளி முந்தும் என்று சந்தை விகிதம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அவருடைய கணிப்பு அதைவிடச் சிறியது. பாராட்டாகத் தோன்றும் சொல்லும் சந்தையோடு ஒப்பிட்டால் குறை கூறுவதாகிவிடலாம். எனவே கணிப்பை எழுதும் முன்பே சந்தை வருமானத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவதாக இ என்றொரு சந்தை இருந்து, அது அ-வைவிட ஆ-வோடு நெருக்கமாக நகர்கிறது என்றால், அதைப் பற்றி முதலீட்டாளர் ஒரு வார்த்தையும் சொல்லாதபோதே அதன் எதிர்பார்ப்பு வருமானமும் உயரும். ஆனாலும் அதில் போடும் பணத்தின் விகிதம் மாறாது. ஆ-வில் கூட்டி அ-வில் குறைப்பதே கணிப்புக்கு ஏற்ற பந்தயம். விகிதங்களில் நடக்கும் மாற்றம் அதோடு நின்றுவிடும். பழைய முறையில் எங்கோ ஓர் எண்ணைத் தொட்டால் சம்பந்தமில்லாத பத்து இடங்களில் விகிதம் குலைவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இம்முறை பிடித்துப்போனதற்கு இது முக்கியக் காரணம். கடன் வாங்கக் கூடாது, ஒரு நாட்டில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்பன போன்ற வரம்புகள் சேர்ந்தால் இந்த ஒழுங்கு கலைந்துவிடும்.

நம்பிக்கையை எண்ணாக்குவதுதான் கடினம். சந்தை வருமானமே எவ்வளவு உறுதியற்றது என்பதைச் சொல்ல ஒரு சிறு எண் வேண்டும், அதை 0.025 என்று வைப்பவர்கள் உண்டு, 0.05 என்பவர்களும் உண்டு, 1 என்றே வைப்பவர்களும் உண்டு. 0.05 என்று கொண்டால், மேற்கண்ட இரு சந்தைகளின் வருமான வித்தியாசம் ஏறத்தாழ 2.8 புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்றாகிறது. 2.4 புள்ளி விலகும் கணிப்பு அதற்குள் அடங்குகிறது. 12 புள்ளி விலகும் கணிப்பை ஒருவர் கொண்டுவந்தால் அது நான்கு மடங்குக்கும் மேல்; கணிப்பு தவறு, அல்லது தரவில் பிழை என்று சந்தேகிக்கலாம். தாமஸ் இட்ஸோரெக் காட்டிய வழியில் நம்பிக்கையை நேரடியாக 25 சதவீதம், 50 சதவீதம் என்று சொல்லிவிடலாம். முன் கண்ட உதாரணத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

தொடக்கப் புள்ளியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சந்தை என்று எதைக் கொள்வது? உலகப் பங்குகளை மட்டுமா, கடன் பத்திரங்களையும் சேர்த்தா? பட்டியலை மாற்றினால் விகிதம் மாறும், சந்தை வருமானமும் மாறும். ஒரு சந்தையின் விலை வெறும் வேகத்தில் வீங்கியிருந்தால் அதன் பங்கும் பெரிதாகி, அது நல்ல வருமானம் தரும் என்றே கணக்கு சொல்லும். அதை மறுக்கும் கணிப்பைச் சேர்க்க வேண்டியவர் முதலீட்டாளர்தான்.