இரண்டு ஆண்டு கிரீன் கார்டு: மனு எந்த நாளில் போகலாம், எந்த நாளுக்குள் போக வேண்டும்?

பாப்பிரெட்டிப்பட்டியில் திருமணம் முடித்துவிட்டு, அமெரிக்கக் குடிமகனான கணவரோடு வாழப் போன ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். குடியேற்ற விசாவுடன் அவர் அங்கே இறங்கிய நாள் 2024 அக்டோபர் 20. அன்றைக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை. அதனால் அவருக்குக் கிடைத்தது பத்து ஆண்டு கிரீன் கார்டு அல்ல, இரண்டே ஆண்டு செல்லும் நிபந்தனை அட்டை. போலித் திருமணங்களைத் தடுப்பதற்காக 1986-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் ஏற்பாடு இது. அவருடைய அட்டை 2026 அக்டோபர் 20 அன்று முடிகிறது.

வீட்டில் எல்லாரும் இதை 'கார்டை ரினியூ பண்ணுவது' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சு வழக்கே சிலரைத் தவறான படிவத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பத்து ஆண்டு அட்டையைப் புதுப்பிக்கும் படிவம் ஐ-90. இரண்டு ஆண்டு அட்டையைப் புதுப்பிக்க அது செல்லாது. இங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, 'எங்கள் திருமணம் உண்மையானது, நிபந்தனையை நீக்குங்கள்' என்று கேட்கும் ஐ-751 மனு வேண்டும். அட்டை முடியும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

90 நாள் என்றதும் நம் மனம் மூன்று மாதம் என்று கணக்குப் போட்டுவிடும். அக்டோபர் 20-இலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் ஜூலை 20 வரும். நாள்களை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 20-க்கும் செப்டம்பர் 20-க்கும் இடையே 30 நாள். ஆகஸ்ட் 20 வரை போனால் இன்னொரு 31, ஆக 61. மீதி 29 நாளையும் பின்னோக்கி எண்ணினால் ஜூலை 22-இல் போய் நிற்கிறது. ஜூலை 20 என்பது 92-ஆவது நாள். மூன்று மாதக் கணக்கை நம்பி அன்றைக்கே மனுவைச் சேர்த்துவிட்டால், காலத்துக்கு முன்பே வந்தது என்று அது திரும்பி வந்துவிடும். பிப்ரவரியைத் தாண்டி எண்ணும்போது கணக்கு மறுபக்கம் சாயும். மே 6-இல் முடியும் அட்டைக்கு 90-ஆவது நாள் பிப்ரவரி 5. அங்கே மூன்று மாதக் கணக்குப் போட்டவர் ஒரு நாள் பிந்துகிறார், அதனால் கெடுதல் இல்லை. எப்படியானாலும் காலண்டரை வைத்து நாளை எண்ணுவதுதான் சரி.

எண்ணத் தொடங்குவதற்கு முன் அட்டையில் உள்ள தேதியைச் சரியாகப் படிக்க வேண்டும். நம்மவர்கள் தடுமாறும் இடம் இது. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அட்டையில் 05/06/27 என்று இருந்தால் அது 2027 மே 6. ஊரில் இருக்கும் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, ஜூன் அஞ்சு வரைக்கும் டைம் இருக்குது, பதறாதே" என்று சொல்லக்கூடும். அந்தக் கணக்கில் மே 20-இல் மனு அனுப்பினால், அட்டை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதே அட்டையில் 'நிரந்தரவாசி ஆன நாள்' என்றும் ஒரு தேதி இருக்கும். இரண்டுக்கும் இடையே சரியாக இரண்டு ஆண்டு வரும். அமெரிக்காவில் இறங்கிய நாளை நினைத்த மாத்திரத்தில், எது மாதம் எது நாள் என்ற குழப்பம் தீரும்.

இனி கடைசி நாள். மனு செய்யாவிட்டால் இரண்டாம் ஆண்டு நிறையும் நாளிலேயே அந்தஸ்து போய்விடும் என்பது சட்டம். எனவே நம் எடுத்துக்காட்டில் அக்டோபர் 19-ஐயே கடைசி நாளாகக் கொள்வது பாதுகாப்பு. உறையின் மேல் விழும் அஞ்சல் முத்திரை இங்கே கணக்கில் வராது. குடிவரவுத் துறையின் முகவரியில் உறை பெறப்பட்ட நாள்தான் மனு செய்த நாள். அக்டோபர் 17-இல் கூரியரில் போட்ட ரசீது கையில் இருந்தாலும், உறை 22-இல் போய்ச் சேர்ந்தால் அது காலம் கடந்த மனுதான்.

கடைசி வாரத்தை நான் அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணவர் கையெழுத்து விட்டுப்போனாலோ, 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 750 டாலர் கட்டணம் குறைந்தாலோ மனுவைப் பதிவு செய்யாமலே திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பிய மனுவுக்கு முதலில் போய்ச் சேர்ந்த தேதி நிற்காது. திருத்திய மனு மறுபடி போய்ச் சேரும் நாள்தான் கணக்கு. ஜூலை 24-ஐ ஒட்டிப் போய்ச் சேரும்படி அனுப்பியவருக்கு, ஒரு தரம் திரும்பி வந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சமிருக்கும்.

மனு பதிவானதும் ஒரு ரசீதுக் கடிதம் வரும். 2023 ஜனவரியிலிருந்து அந்தக் கடிதம், அட்டையில் உள்ள தேதிக்கு மேல் 48 மாதம் நீட்டிப்புத் தருகிறது. தேதி முடிந்த அட்டையும் இந்தக் கடிதமும் சேர்ந்தால்தான் செல்லுபடியாகும் சான்று. வேலைக்கும் விமானம் ஏறவும் இரண்டும் வேண்டும்.

நம் பெண் ஆகஸ்டில் வளைகாப்புக்காகப் பாப்பிரெட்டிப்பட்டி வந்து, பிரசவம் முடிந்து ஜனவரியில் திரும்பலாம் என்று நினைக்கிறார் என்று வைப்போம். மனுவுக்கான காலம் ஜூலை 22-இலேயே திறந்துவிடுகிறது. புறப்படும் முன் மனுவைச் சேர்த்து, ரசீதுக் கடிதத்தின் மூலப் பிரதியைக் கையோடு கொண்டுவந்தால் ஜனவரியில் சிக்கலில்லாமல் ஏறலாம். மனுவைச் சேர்க்காமலே ஊருக்கு வந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. படிவத்தை இங்கே அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து கணவருக்கு அனுப்பலாம். மூலக் கையெழுத்தின் நகலை அந்தத் துறை ஏற்றுக்கொள்கிறது. கணவர் தம் கையெழுத்தையும் இட்டு அங்கிருந்தே அனுப்பிவிடலாம். கைரேகைக்கு அழைப்பு வந்தால் அந்த நாளில் போய் நிற்க வேண்டும், அல்லது முன்கூட்டியே எழுதி வேறு நாள் கேட்க வேண்டும். பேசாமல் விட்டால் மனுவே நிராகரிக்கப்படலாம்.

மனுவோடு வைக்கும் சான்றுகளில் ஊரில் எடுத்த திருமணப் பதிவுச் சான்றிதழும் இருக்கும். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்திலும் ஒரு 90 நாள் உண்டு. அது திருமண நாளிலிருந்து முன்னோக்கி ஓடுகிறது. அமெரிக்க அதிகாரி கேட்பது அந்தச் சான்றிதழை மட்டும் அல்ல. திருமணத்துக்குப் பிறகு சேர்ந்து வாழ்ந்ததற்கான தடயங்களையும்தான்: இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று. இவற்றைத் திரட்ட 90 நாள் போதாமல் போகலாம். திரட்டும் வேலைக்குத் திறப்பு நாள் என்று ஒன்றும் இல்லை, முதல் ஆண்டிலிருந்தே சேர்த்து வரலாம்.

அக்டோபர் 20 கடந்துவிட்டால்? அப்போதும் மனு அனுப்பலாம். ஏன் பிந்தியது என்று தகுந்த காரணத்தை எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டு போன்ற ஆதாரத்தோடு இணைக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில் இருக்கிறது. மறுத்தால் நாடு கடத்தும் வழக்கு வரை போகும்.

இந்த 90 நாள் கணக்கு இருவரும் சேர்ந்து செய்யும் மனுவுக்கு மட்டும்தான். 'நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்று மிரட்டியே மனைவியை அடக்கி வைக்கும் கணவர்கள் இருக்கிறார்கள். ஊரிலுள்ள பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உண்மையான எண்ணத்தோடு செய்த திருமணம் மணவிலக்கில் முடிந்தாலோ, கணவர் அடித்துக் கொடுமைப்படுத்தினாலோ, அந்தப் பெண் கூட்டு மனுவிலிருந்து விலக்குக் கேட்டுத் தனியாக ஐ-751 போடலாம். அதற்குத் திறக்கும் நாளும் இல்லை, 90 நாள் காத்திருக்கவும் வேண்டாம். நிபந்தனை அட்டை கிடைத்த பிறகு எந்த நாளிலும் போடலாம். அந்த மனுவில் அவர் ஒருவரின் கையெழுத்தே போதும்.