தொண்ணூறு நாளில் எண்பத்தெட்டு அமர்வுகள்

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கான தொண்ணூறு நாள் திருப்புதல் அட்டவணையைப் பாடங்களை எழுதித் தொடங்கக் கூடாது. படிக்க முடியாத நாட்களைக் கழித்த பிறகே பாடங்களுக்கு வர வேண்டும். பெரும்பாலான அட்டவணைகள் தலைகீழாகப் போடப்படுகின்றன. தொண்ணூறைப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, நான்கு நிறப் பேனாவில் கட்டம் போட்டு, சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கல்யாணமோ காய்ச்சலோ குறுக்கிட்டால் அன்றைய பாடம் மறுநாளுக்குப் போகிறது, மறுநாள் பாடம் அதற்கடுத்த நாளுக்கு. இரண்டாவது வாரத்தில் அந்தத் தாளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் பிரிவு எடுத்த ஒரு மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தேர்வு மார்ச் 2, திங்கட்கிழமை தொடங்குவதாக வைத்துக்கொண்டால், டிசம்பர் 2 முதல் மார்ச் 1 வரை சரியாக 90 நாட்கள். இவற்றில் முதல் மூன்று வாரம் அவள் கையில் இல்லை. டிசம்பர் 10 வாக்கில் அரையாண்டுத் தேர்வு தொடங்கி 23 வரை ஓடும். அந்த நாட்களில் தனியாக ஓர் அட்டவணை போடுவது வீண். பள்ளித் தேர்வுக்குப் படிப்பதுதான் அப்போதைய திருப்புதல். ஆனால் அந்த விடைத்தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த அறுபத்தெட்டு நாட்களை எப்படிப் பிரிப்பது என்று சொல்லப்போவது அவைதான்.

இயற்பியலில் 11, வேதியியலில் 15, கணிதத்தில் 12, கணினி அறிவியலில் 16 என்று மொத்தம் 54 பாடங்கள் அவள் முன் நிற்கின்றன. அரையாண்டு விடைத்தாளை வைத்து இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: கேள்வி எப்படி வந்தாலும் எழுதக்கூடியவை, பாதி தெரிந்தவை, தொடவே பயமானவை. நம் மாணவிக்கு இவை 20, 22, 12 என்று வருவதாகக் கொள்வோம். ஒன்றரை மணி நேரத்தை ஓர் அமர்வாக எடுத்துக்கொண்டால், முதல் வகைக்குப் பாடத்துக்கு ஓர் அமர்வு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று தேவைப்படும். கூட்டினால் சரியாக நூறு.

இனி நேரக் கணக்கு. பள்ளி நாளில் காலை ஐந்து முதல் ஆறரை வரை ஒன்று, இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை ஒன்று என இரண்டு அமர்வுகளுக்கு மேல் உண்மையில் கிடைக்காது. சிறப்பு வகுப்பும் டியூஷனும் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் நான்கு அமர்வு எதிர்பார்ப்பது தாளில் மட்டுமே நடக்கும். அரையாண்டு விடுமுறையில் ஜனவரி 2 வரை எட்டு வார நாட்கள் வருகின்றன. நாளுக்கு நான்கு அமர்வு வீதம் 32. பொங்கலை விட்டுவிட்டால் ஜனவரி முடிவதற்குள் 18 வார நாட்கள், அவற்றில் 36. பிப்ரவரியில் ஒரு வாரம் செய்முறைத் தேர்வுக்குப் போய்விடும்; மற்ற இரண்டு வாரங்களில் 20. கடைசி வாரத்தைத் தொடக் கூடாது, காரணம் பிறகு. ஆக மொத்தம் 88. தேவை நூறு, இருப்பு எண்பத்தெட்டு.

இந்தப் பன்னிரண்டு அமர்வுப் பற்றாக்குறையை மறைப்பதற்குத்தான் மாணவர்கள் தூக்கத்தைக் குறைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்கிறார்கள். நேர்மையான வழி, பயமான பன்னிரண்டு பாடங்களிலும் ஓர் அமர்வைக் குறைப்பது. ஒவ்வொன்றிலும் புக் பேக் ஒன் மார்க் அனைத்தும், இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்களும், அடிக்கடி கேட்கப்படும் ஓர் ஐந்து மதிப்பெண் வினாவும் போதும் என்று இரண்டு அமர்வில் நிறுத்திவிட வேண்டும். கணக்கு 88-க்கு இறங்கி இருப்போடு பொருந்திவிடும். பாடத்தை முழுவதுமாக விட்டுவிடுவது வேறு விஷயம். இயற்பியல் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒன்பதில் ஆறு எழுதினால் போதும் என்றாலும், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கட்டாய வினா இருக்கிறது. அது விட்ட பாடத்திலிருந்தே வரலாம்.

தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இரவு ஏழரை முதல் எட்டு வரை அரை மணி நேரம் தினம் ஒரு மொழி, மாறி மாறி. மனப்பாடச் செய்யுளும் இலக்கணமும் ஒரே மூச்சில் உட்கார்ந்து படிப்பதைவிட இப்படிச் சிறுகச் சிறுகப் படித்தால்தான் நிற்கும்.

இதுவரை சனி, ஞாயிறைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம். ஞாயிறு முற்பகல் ஈடுகட்டும் நேரம்: அந்த வாரம் தவறியது மட்டும் அங்கே வரும், இரண்டு அமர்வுகளுக்கு மேல் போகாது. பிற்பகல் ஒரு மணிக்குமேல் புத்தகம் மூடப்படும். பொங்கலன்றும் அதையொட்டிய ஞாயிறன்றும் படிப்பே கிடையாது. இடையில் வரும் வெள்ளியும் சனியும் முழு ஈடுகட்டும் நாட்கள். டிசம்பர் 24-க்குப் பிறகு பிப்ரவரி 22 வரை எட்டு ஞாயிறுகளில் 16, பொங்கல் விடுப்பில் 8 என ஈட்டுக்கு 24 அமர்வுகள் இருக்கின்றன. படிப்பு அமர்வுகளில் கால் பங்குக்கும் சற்று அதிகம். இதைவிடக் குறைந்தால் ஒரு காய்ச்சலைக்கூட அட்டவணை தாங்காது.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. தவறிய பாடம் ஞாயிறுக்குப் போகலாம், மறுநாளுக்குப் போகக் கூடாது. ஜனவரி 20, 21, 22 மூன்று நாளும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஆறு அமர்வுகள் போயின. 23-ஆம் தேதி எழுந்ததும் அன்றைக்கு எழுதியிருந்த பாடத்தையே படிக்க வேண்டும். விட்ட ஆறும் 25, பிப்ரவரி 1, 8 ஆகிய மூன்று ஞாயிறுகளில் இரண்டிரண்டாக அடைபடும். மற்ற நாட்களின் வரிசை குலையாது. எதுவும் தவறாத வாரத்தில் ஞாயிறு முற்பகலை அடுத்த வாரப் பாடத்தை முன்கூட்டி முடிக்கப் பயன்படுத்துவது ஆசையாக இருக்கும். அந்த நேரத்தைத் தவறுக் குறிப்பேட்டுக்குக் கொடுப்பதே மேல். நோயும் விசேஷமும் இல்லாமலே தொடர்ந்து இரண்டு வாரம் ஞாயிறு நிரம்பி வழிந்தால், குறை உழைப்பில் இல்லை, பாடங்களை வகை பிரித்ததில் இருக்கிறது. பாதி தெரிந்ததாக நினைத்தவை உண்மையில் பயமான பாடங்கள். அப்போது எங்கே குறைப்பது என்று மறுபடி உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டுமே தவிர, பிற்பகல் ஓய்வில் கைவைக்கக் கூடாது.

சனிக்கிழமை சுயதேர்வு. செய்முறைத் தேர்வு வாரத்தையும் சேர்த்தால் டிசம்பர் 27 முதல் பிப்ரவரி 21 வரை, பொங்கல் சனி நீங்கலாக, எட்டு சனிக்கிழமைகள் கிடைக்கின்றன. நான்கு பாடங்களுக்கும் இரண்டிரண்டு தேர்வுகள். மொழிப் பாடங்களைப் பள்ளியின் திருப்புதல் தேர்வுகள் பார்த்துக்கொள்ளும். பொதுத்தேர்வு போலவே காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, பத்து நிமிடம் வினாத்தாளைப் படித்து, பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கி ஒன்றேகாலுக்கு நிறுத்த வேண்டும். தாளில் பழைய பொதுத்தேர்வு வினாக்கள் இருக்கலாம். ஆனால் அதுவரை முடித்த பாடங்களிலிருந்து மட்டும்.

மாலையில் திருத்துவதுதான் இதில் கடினமான பகுதி. அரசு வெளியிடும் பழைய விடைக்குறிப்புகளில் ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் படம், சூத்திரம், படிகள் என்று மதிப்பெண் பிரிந்திருக்கும். அதன்படி தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும். எழுத நினைத்ததற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறிக்க வேண்டும்: தெரியாது, மறந்தது, கவனக்குறைவு, நேரம் போதவில்லை.

நம் மாணவி இயற்பியலில் 70-க்கு 41 எடுத்தாள் என்று கொள்வோம். இழந்தது 29. தெரியாததால் 8, மறந்ததால் 6, அலகு எழுதாதது போன்ற கவனக்குறைவால் 5. மீதி 10, எழுதவே நேரமில்லாத இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள். 41 என்ற எண்ணைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது இன்னும் படிக்க வேண்டும் என்பது. ஆனால் மிகப் பெரிய இழப்பு படிப்பால் வந்ததல்ல. இயற்பியல் தாளுக்கு 180 நிமிடம். பதினைந்து ஒன் மார்க்குக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு நான்கு நான்காக 24, மூன்று மதிப்பெண்ணுக்கு எட்டெட்டாக 48, ஐந்து மதிப்பெண்ணுக்குப் பதினைந்து வீதம் 75 என்று ஒதுக்கினால் 18 நிமிடம் மிஞ்சும். அவள் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு முக்கால் பக்கம் எழுதியிருப்பாள், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு முற்பகலில் அவளுக்குத் தேவை புத்தகம் அல்ல, கடிகாரம். வீட்ஸ்டோன் சமனச்சுற்று போன்ற ஒரு தருவித்தலைப் படத்தோடு பதினைந்து நிமிடத்தில் முடித்துப் பழக வேண்டும். தெரியாத எட்டு மதிப்பெண்ணுக்குரிய பாடம் அடுத்த ஈட்டு அமர்வுக்குப் போகும். மறந்த ஆறும் குறிப்பேட்டில் ஏறி, அதே பாடத்தின் இரண்டாம் தேர்வுக்கு முன் ஒருமுறை பார்க்கப்படும்.

இரவு பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழும் ஏழு மணி நேரத் தூக்கம் இந்த அட்டவணையின் ஒரு கட்டம்தான்; அதிலிருந்து கடன் வாங்க முடியாது. கடன் வாங்கிய அடுத்த நாள் காலை அமர்வில் ஒரே பக்கத்தை மூன்று முறை படிப்பதே அதற்கான அறிகுறி.

கடைசி வாரத்தை வெறுமையாக விட்டதற்குக் காரணம், பொதுத்தேர்வு வழக்கமாக மொழிப் பாடத்தில் தொடங்கி அடுத்து ஆங்கிலத்துக்குப் போவதுதான். பிப்ரவரி 23 முதல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முழு வினாத்தாள் எழுதிப் பார்க்கவே அந்த நாட்கள் வேண்டும். மற்ற நான்கு பாடங்களுக்கும் தினம் ஒரு மணி நேரம் ஒன் மார்க் மட்டும். அட்டவணை தொண்ணூறாவது நாளோடு முடிவதும் இல்லை. முக்கியப் பாடங்களுக்கு முன் தேர்வு அட்டவணையே சில நாள் இடைவெளி தருகிறது. கணிதத்துக்கு முந்தைய இடைவெளியில் முதல் நாள் அந்தப் பாடத்தின் தவறுக் குறிப்பேடும் இரண்டு சுயதேர்வுத் தாள்களும், மறுநாள் புக் பேக் ஒன் மார்க்கும் சூத்திரங்களும். அன்று மாலை ஆறு மணிக்குமேல் புதுக் கணக்கு எதையும் எடுக்காமல், ஹால் டிக்கெட்டையும் பேனாக்களையும் எடுத்துவைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும்.