புட்டியின் படமும் பேட்ச் எண்ணும்

மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2025 அக்டோபர் தொடக்கத்தில் கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தின் ஒரு பேட்ச் குறித்து எச்சரிக்கை வெளியானது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தில், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு மருந்து ஆய்வகம் கண்டறிந்தது. எச்சரிக்கையில் குறிப்பிடப்பட்ட பேட்ச் எண் SR-13. தயாரிப்பு 2025 மே. காலாவதி 2027 ஏப்ரல்.

இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் பெற்றோர் புட்டியைப் படமெடுத்து அனுப்பி, “இது அதுதானா?” எனக் கேட்கின்றனர். படத்தில் மருந்தின் பெயர் பளிச்சென்று தெரியும். வேண்டிய எண்தான் தெரியாது. லேபிளின் ஓரத்தில் B. No. அல்லது Batch No. என்பதற்கு எதிரே அது சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அருகிலேயே M.L. எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருப்பதால், அதைப் பேட்ச் எண்ணென்று பலர் படித்துவிடுகின்றனர்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் பொருந்துகிறது. எண்ணின் முதற்பகுதி SR-1 எனத் தெளிவாக உள்ளது. கடைசி இலக்கம் மட்டும் வளைந்த புட்டியில் விளக்கொளி பட்டு, 3 ஆகவும் 8 ஆகவும் தோன்றுகிறது. தயாரிப்பு மாதம் 2025 மே. மாதம் ஒத்திருப்பதால் மட்டும் அது SR-13 ஆகிவிடாது. ஒரே மாதத்தில் பல பேட்சுகள் தயாராகக்கூடும். அதேபோல, 8 போலத் தோன்றுகிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. புட்டியைச் சற்றே திருப்பி, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றி மீண்டும் படமெடுங்கள். அட்டைப்பெட்டி இருந்தால் அதிலுள்ள எண்ணையும் பாருங்கள். ஆனால் முடிவு புட்டியிலுள்ள எண்ணைக் கொண்டே அமைய வேண்டும், பெட்டி வேறொரு புட்டிக்கு உரியதாக இருக்கலாம். எண் ஒத்து, தேதிகள் ஒவ்வாவிட்டால், தவறாகப் படித்திருக்கலாம் அல்லது போலி மருந்தாக இருக்கலாம். இரண்டிலும் அதைக் கொடுக்கக் கூடாது.

ஐயம் தீரும்வரை இருமல் மருந்தை நிறுத்திவைப்பதால் குழந்தைக்கு இழப்பேதுமில்லை. வலிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான மாத்திரைகள் அப்படியல்ல. அவற்றை நீங்களாகவே நிறுத்தாமல், அன்றே மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

எண் பொருந்தவில்லை என்றால், அந்த அறிவிப்பில் அந்தப் புட்டி இல்லை என்பது மட்டுமே பொருள். மறுநாள் அறிவிப்பு விரிவாக்கப்படலாம். மருந்து குடித்த குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். எஞ்சிய மருந்தைக் கொட்டிவிடாமல், புட்டியையும் பெட்டியையும் விலைச்சீட்டையும் உடன் கொண்டு வாருங்கள். ஆய்வுக்கு அனுப்ப அவை தேவைப்படும்.