அப்பாவுக்கு ஏழு தட்டில் ஒரு பாட்டு

வெளிநாட்டில் இருக்கும் மகள்கள் அப்பாவின் பிறந்தநாளுக்குச் சட்டை அனுப்புகிறார்கள், கேக் ஆர்டர் செய்கிறார்கள். இப்போது சிலர் பாட்டு எழுதிப் பாடியும் அனுப்புகிறார்கள். உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் வருவது 'தியாகத்தின் சிகரமே', 'அன்பின் கடலே' போன்ற வரிகள்தான். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணும் தன் அப்பாவுக்கு இதே வரியைப் பாடலாம். கேட்கிற அப்பாவுக்கு அது தன்னைப் பற்றியது என்று தோன்றுவதில்லை. கல்யாண வாழ்த்து மடலைக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர் நிமிர்ந்து உட்கார வேண்டுமென்றால், அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சின்னச் சின்னச் சங்கதிகள் பாட்டில் வரவேண்டும். இது தமிழுக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்கள் பாடியது. தந்தை இறந்தபின் பாடியதால் அது துயரப் பாட்டு. ஐந்தே அடிகள். அதில் அப்பா வள்ளல், வீரர் என்ற பேச்சே கிடையாது. போன மாதம் இதே நிலா வெளிச்சத்தில் அப்பா இருந்தார், மலையும் நம்மிடம் இருந்தது. இந்த மாதம் இரண்டும் இல்லை என்கிறார்கள், அவ்வளவுதான். பாரியின் கொடையைப் புகழ்ந்து பாடிய புலவர்கள் உண்டு. அந்த நிலவைச் சொல்ல அவர் பெண்களால்தான் முடிந்தது.

பிறந்தநாள் பாட்டில் துயரம் வேண்டாம், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா தென்காசியில் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் மெல்போர்னில். பாட்டுப் படித்தவள் அல்ல. குளிக்கும்போது முணுமுணுப்பதோடு சரி.

அவள் முதலில் செய்ய வேண்டியது, ஒரு தாளில் நினைவுகளை வரிசை பார்க்காமல் எழுதிப்போடுவது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் அப்பா நோட்டுகளுக்கு பிரவுன் அட்டை போட்டு, லேபிளில் பேர் எழுதி, மை காய ஊதியது. டிவிஎஸ் 50 வண்டியில் முன்னால் நிற்கவைத்து ஓட்டியது. சம்பள நாளில் வாங்கி வந்த புரோட்டா பொட்டலம். கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தது. விமான நிலையத்தில் பெட்டி எடை கூடியதால், அம்மா போட்ட ஊறுகாய் பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கையில் வைத்தபடி வாசலில் நின்றது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டியது. வீடியோ காலில் எப்போதும் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பது.

இனிக் கழிக்க வேண்டும். 'கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தது' கண்ணுக்குத் தெரியாத செய்தி, அது போகட்டும். ஃபீஸ் கடன் உண்மைதான், ஆனால் இந்தப் பாட்டு உறவினர்கள் நடுவில் ஸ்பீக்கரில் ஒலிக்கும். அப்பா மற்றவர்களிடம் சொல்லாத ஒன்றை மகள் சபையில் பாடிவிடக் கூடாது. புரோட்டா நல்ல நினைவுதான், ஆனால் பல வீடுகளில் உண்டு. மிஞ்சுவது நான்கு: நோட்டு, வண்டி, ஊறுகாய் பாட்டில், வீடியோ கால். ஒரு பாட்டுக்கு நான்கு போதும். பத்து நினைவுகளை அடுக்கினால் மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் ஆகி, எதுவும் மனதில் தங்காது.

அடுத்தது மெட்டு. பலரும் பிடித்த சினிமாப் பாட்டின் மெட்டில் வார்த்தைகளை மாற்றுவார்கள். அதில் இரண்டு தொல்லைகள். அந்த மெட்டுகள் பயிற்சி பெற்ற குரலுக்காகப் போட்டவை. சரணத்தில் மேலே ஏறும்போது நம் குரல் கிழியும். யூடியூபில் போட்டால் இசை உரிமைக்காரர்களிடமிருந்து உரிமைக் கோரிக்கையும் வரலாம். கும்மி மெட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும், யாருக்கும் சொந்தமில்லை, ஊரில் எல்லோருக்கும் காதில் இருக்கிறது. கை தட்டினாலே தாளம் வந்துவிடும்.

கும்மியின் ஓர் அடி ஏழு தட்டு. மூன்று தட்டு பாடி, நான்காவதில் ஒரு சின்னத் தனிச்சொல், பிறகு மறுபடி மூன்று தட்டு. இந்த அளவை வாயால் 'தன்னன தன்னன' என்று சொல்லிப் பழகிக்கொண்டு பிறகுதான் வார்த்தையைப் போடவேண்டும். உரைநடையாக எழுதிவிட்டு மெட்டில் திணித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். மகள் முதலில் எழுதிய வரி: 'டிவிஎஸ் ஃபிஃப்டி வண்டியில என்னை முன்னாடி நிக்கவச்சுக் கூட்டிட்டுப் போவீங்க'. தட்டிப் பார்த்தால் பாதி வார்த்தைகளை விழுங்கவேண்டியிருக்கிறது. வண்டியின் பேரை எடுத்துவிடலாம், எந்த வண்டி என்று அப்பாவுக்குத் தெரியும். 'என்னை', 'கூட்டிட்டு' இரண்டும் தேவையில்லை. மீதியை இப்படிச் சுருக்கலாம்:

வண்டியில் முன்னால நிக்கவைப்பீங்க — சாரல்
வந்துட்டா சட்டைக்குள் பொத்திப்பீங்க

தட்டிப் பாருங்கள்: வண்டியில், முன்னால, நிக்கவைப்பீங்க, சாரல், வந்துட்டா, சட்டைக்குள், பொத்திப்பீங்க. ஏழும் சரியாக விழுகிறது. 'வண்டி', 'வந்துட்டா' என்று இரண்டு பாதிகளும் வகரத்தில் தொடங்குவது மோனை. பாடுகிறவருக்கு அடுத்த வரி ஞாபகம் வருவதும் இதனால்தான். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்துவரவேண்டும். புதிதாக எழுதுகிறவர் அதற்காக இல்லாத சொல்லைத் தேடி நினைவையே மாற்றிவிடுவார். மோனை எளிது. கடைசியில் 'பீங்க', 'பீங்க' என்று முடிவது இயைபு. அப்பாவை 'நீங்க' என்று கூப்பிடுகிற வீட்டில் பாட்டிலும் அப்படியே கூப்பிடவேண்டும். பாட்டு என்பதற்காக 'தந்தையே, நீ' என்று மாறினால் அங்கேயே அவள் குரல் போய்விடும்.

இதே அளவில் முழுப் பாட்டும் இப்படி வரும்:

ஆனியில் சாரலில் பொறந்தவரு — இன்னும்
அரைக்கப்புக் காப்பிக்கு அலையிறவரு

அட்டையில் என்பேரை எழுதுவீங்க — மையும்
அழியாம வாயால ஊதுவீங்க

வண்டியில் முன்னால நிக்கவைப்பீங்க — சாரல்
வந்துட்டா சட்டைக்குள் பொத்திப்பீங்க

பெட்டியில் எடைகூடிப் போனப்பவே — பாட்டில்
பிடிச்சபடி வாசல்ல நின்னீங்களே

வீடியோ காலுல நெத்தியோட — அப்பா
விட்டத்து ஃபேனையும் காட்டுவீங்க

முதல் இரண்டு வரிகள் பல்லவி. ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் திரும்ப வரும். அதனால் அதில் சிரிப்பு இருப்பது நல்லது: மாரியாத்தா கொடைக்குப் பாடுவதுபோல் ஆரம்பித்து, சர்க்கரை அளவுக்குப் பயந்து அம்மா மறுத்த அரைக்கப் காப்பியில் முடிகிறது. அம்மாவும் பாட்டுக்குள் வந்துவிட்டாள். நினைவுகள் சின்ன வயதிலிருந்து இன்றுவரை காலவரிசையில் போகின்றன. 'ஊதுவீங்க', 'பொத்திப்பீங்க' எல்லாம் வழக்கமாக நடந்தவை. நடுவில் 'நின்னீங்களே' மட்டும் ஒரே ஒரு நாள் நடந்தது. பாட்டு அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும், கேட்பவருக்குத் தொண்டை அடைக்கும். அப்படியே விட்டால் பிறந்தநாள் அழுகையில் முடியும். உடனே வீடியோ கால் வந்து சிரிக்கவைக்கிறது. பிரிவைப் பற்றி இதற்குமேல் ஒரு வரி கூடினாலும், மகள் தன் குற்ற உணர்வைத்தான் பாடுகிறாள் என்று ஆகிவிடும்.

பாடுவதை வீடியோ காலில் நேரடியாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு முனைக்கும் நடுவே ஒலி கொஞ்சம் தாமதித்துப் போவதால், அங்கே தட்டும் கை இங்கே பிந்திக் கேட்கும், தாளம் சிதறும். பேச்சைத் தெளிவாக்கும் வசதி, இழுத்துப் பாடும் குரலையும் கைத்தட்டையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டவும் செய்யும். பதிவு செய்து அனுப்புவதே மேல். படுக்கையறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பாடினால் போதும். மெத்தையும் திரையும் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். நேர் எதிரே வைத்தால் 'பொத்திப்பீங்க'விலும் 'பாட்டி'லிலும் பகரம் மூச்சோடு மோதிப் 'பொட்' என்று கேட்கும்.

சுருதியை அப்பாவுக்காக மாற்றவேண்டியதில்லை, மகளுக்கு எது வசதியோ அதுவே. வேகத்தை மட்டும் குறைக்கவேண்டும். வயதாகும்போது காதில் முதலில் குறைவது உச்ச அதிர்வொலிகள். ச, த, ப போன்ற எழுத்துகளின் தெளிவு அதில்தான் இருக்கிறது. பாட்டு காதில் விழும், வார்த்தை பிடிபடாது. பின்னணி இசை சேர்த்தால் அதுவும் போய்விடும். கைத்தட்டு மட்டும் வைத்து, தட்டுக்கு ஒரு நொடி என்ற அளவில் நிறுத்திப் பாடினால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். அனுப்புமுன் பாட்டு தெரியாத ஒரு தோழியிடம் போன் ஸ்பீக்கரில் போட்டுக்காட்டி, என்ன வார்த்தைகள் கேட்டன என்று சொல்லச் சொல்லலாம். அவளுக்குப் பிடிபடாத இடம் அப்பாவுக்கும் பிடிபடாது.

எந்த நாளில் அனுப்புவது என்பதும் லேசான கேள்வி அல்ல. அந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. வீட்டில் கொண்டாடுவது ஆனி மாதத்தில் அவருடைய நட்சத்திரம் வருகிற நாள். அது ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத் தேதியில் நகரும். காலண்டர் பார்த்து அம்மாவிடம் உறுதி செய்துகொள்வது நல்லது. ஜூனில் மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. தென்காசியில் காலை ஆறு மணிக்கு, கோயிலுக்குக் கிளம்புமுன் அப்பா கேட்கவேண்டும் என்றால் அங்கே பத்தரைக்கு அனுப்பினால் போதும்.

அப்பா கேட்டுவிட்டு என்ன சொல்வார்? அந்தத் தலைமுறை ஆண்கள் பலர் 'நல்லாயிருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அன்று சாயங்காலமே போன் செய்து, 'சாரல் இல்லம்மா அது, நல்ல மழைல்லா. செங்கோட்டை ரோட்டுல ஒரு டீக்கடையில ஒதுங்கி நின்னோமே, உனக்கு பன் வாங்கித் தந்தேன், மறந்துட்டியா?' என்று திருத்தினால் பாட்டு வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். மகள் மறந்தது அப்பாவுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அடுத்த ஆனிக்கு ஒரு கண்ணி கையில் இருக்கிறது.