பதின்மூன்று பேரா, பதினெட்டுப் பேரா?

மார்ச் மாதம் நெருங்கினால் வளர்ந்துவரும் நிறுவனங்களில் ஒரு கேள்வி கிளம்பும்: "அடுத்த வருஷம் உங்க டீமுக்கு எத்தனை பேர் வேணும்?" பெரும்பாலான மேலாளர்கள் இதற்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறார்கள். வியாபாரம் எத்தனை மடங்கு கூடுமோ, ஆளும் அத்தனை மடங்கு. நிதிப் பிரிவு எப்படியும் குறைக்கும் என்று தெரிந்து இரண்டு மூன்று பேரைக் கூட்டியும் எழுதுவார்கள். கூட்டி எழுதியிருக்கிறார்கள் என்று நிதிப் பிரிவுக்கும் தெரியும்; குறைக்கும். பேரம் படிந்து ஓர் எண் தேறும். அந்த எண்ணுக்கும் செய்ய வேண்டிய வேலைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி என்று பார்க்க, வேலையை அளந்து சொல்லக்கூடிய ஒரு குழுவை எடுத்துக்கொள்வது நல்லது. கோயம்புத்தூரில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது 4,000 கடைகள் அதைப் பயன்படுத்துகின்றன. அடுத்த மார்ச்சுக்குள் 7,000 ஆக்குவது விற்பனைப் பிரிவின் இலக்கு. கடைக்காரர்கள் சந்தேகம் கேட்டுப் போன் செய்தால் பேசுவதற்கு ஒரு சப்போர்ட் குழு இருக்கிறது, 17 பேர். நேர்விகிதக் கணக்குப்படி 17 பேர் 30 ஆக வேண்டும். அதாவது 13 பேரைப் புதிதாக எடுக்க வேண்டும். இந்தப் பதின்மூன்று இரண்டு இடங்களில் தவறு. ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு.

முதலில் அதிகமான இடத்தைப் பார்ப்போம். ஒரு கடையிலிருந்து மாதம் சராசரியாக 3 அழைப்புகள் வருகின்றன. ஓர் அழைப்பைப் பேசி முடித்து, குறிப்பு எழுதி வைக்க 10 நிமிடம் ஆகிறது. காலை 10 மணிக்குக் கடை திறக்கும் வேளையில்தான் நெரிசல் அதிகம், அந்த ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள். 60 அழைப்பு, தலா 10 நிமிடம் என்றால் 600 நிமிட வேலை. பத்துப் பேர் மூச்சுவிடாமல் பேசினால் முடித்துவிடலாம் என்று தோன்றும்.

முடியாது. அழைப்புகள் ஆறு நிமிடத்துக்கு ஆறு என்று வரிசை கட்டி வருவதில்லை. ஒரு நிமிடத்தில் நான்கு வரும், அடுத்த இரண்டு நிமிடம் ஒன்றும் வராது. ஓய்ந்திருந்த அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துவைத்துப் பிறகு பயன்படுத்த வழியில்லை. பத்துப் பேரை மட்டும் உட்கார வைத்தால் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகும். இதைக் கணிதமாக்கியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங். 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரங்கள்தான் இன்றும் கால் சென்டர் கணக்குகளுக்கு அடிப்படை. அன்று அவருடைய கவலை, ஊருக்கு எத்தனை இணைப்பு, எக்ஸ்சேஞ்சில் எத்தனை ஆபரேட்டர் என்பது. தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கே பின்னாளில் அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அவருடைய சூத்திரத்தில் நம்முடைய காலை 10 மணியைப் போட்டுப் பார்த்தால் வருவது இதுதான். 11 பேர் இருந்தால் ஓர் அழைப்பு சராசரியாக ஏழு நிமிடம் காத்திருக்க வேண்டும். 12 பேர் என்றால் இரண்டே கால் நிமிடம். 13 பேர் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 14 பேர் என்றால் 26 விநாடி. பதினொன்றாவது ஆளுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து நிமிட வித்தியாசம் இருக்கிறது; பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் இடையே அரை நிமிடம்தான். "ஒரு ஆள் குறைஞ்சா என்ன சார், சமாளிச்சுக்கலாம்" என்ற பேச்சு சில இடங்களில் உண்மை, சில இடங்களில் பெருநாசம். நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நிமிடக் காத்திருப்பு போதும் என்று நிறுவனம் முடிவு செய்தால் நாற்காலியில் 13 பேர் வேண்டும். ஆனால் 13 பேர் நாற்காலியில் இருக்க 13 பேரை வேலைக்கு வைத்தால் போதாது. விடுப்பு, காய்ச்சல், பயிற்சி, மீட்டிங், டீ என்று சம்பளம் கொடுக்கும் நேரத்தில் கால்பங்கு போய்விடுகிறது. பட்டியலில் 17 பேர் இருந்தால்தான் நாற்காலியில் சுமார் 13 பேர் இருப்பார்கள். இந்தக் கால்பங்கைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து பத்து சதவீதமாக எழுதும் முதலாளிகள் உண்டு. எழுதிக்கொள்ளலாம், காய்ச்சல் அதைப் படித்துவிட்டு வருவதில்லை.

இப்போது 7,000 கடைகளுக்குப் போவோம். காலை நெரிசல் மணிக்கு 105 அழைப்பாகும். வேலை 1.75 மடங்கு. அதே ஒரு நிமிடத்துக்குள் காத்திருப்பு முடிய 23 பேர் தேவைப்படுவதில்லை, 21 பேர் போதும். குழு பெரிதாகும்போது ஒருவர் பேசிக்கொண்டிருந்தாலும் இன்னொருவர் ஓய்வாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஒவ்வொருவருக்கும் சற்று அதிக வேலை கொடுத்தும் அதே தரத்தைக் காப்பாற்ற முடிகிறது. 21 பேர் நாற்காலியில் இருக்க, பட்டியலில் 28 பேர். ஆக, தேவை 30 அல்ல, 28. நிதிப் பிரிவுக்கு இதைக் கேட்டதும் முகம் மலரும். (அழைப்புகளை மொழிவாரியாகவோ பிரிவுவாரியாகவோ மூன்று சிறு குழுக்களாகப் பிரித்தால் இந்த லாபம் அப்படியே போய்விடும். பிரிக்கச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.)

இனி குறைவான இடம். 17 பேர் 28 ஆக 11 பேரை எடுத்தால் போதும் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். இருக்கும் 17 பேரும் அடுத்த மார்ச்சில் இருக்கப் போவதில்லை. இந்தக் குழுவில் ஆண்டுக்கு முப்பது சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று வைத்தால், சராசரியாக 22, 23 பேர் இருக்கும் ஆண்டில் 7 பேர் போவார்கள். எடுக்க வேண்டியது 18. வேலைக் கடிதம் வாங்கிய பத்துப் பேரில் ஏழு பேர்தான் சேருகிறார்கள் என்றால், 18 பேர் வந்து சேர 26 பேருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். எச்.ஆர். பிரிவுக்குத் தெரிய வேண்டிய எண் இந்த 26. பல நிறுவனங்களில் அவர்களிடம் போவது 11.

எத்தனை பேர் என்பதைவிட எப்போது என்பது கடினமான கேள்வி. புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதம் பயிற்சியில் இருப்பார். இரண்டாம் மாதம் அரை ஆள், மூன்றாம் மாதம் முக்கால் ஆள். நான்காம் மாதம்தான் முழு ஆள். அதற்கு முன்னால் விளம்பரம், நேர்காணல், பழைய வேலையின் நோட்டீஸ் காலம் என்று ஒப்புதலிலிருந்து சேரும் நாள்வரை இரண்டு மாதம் ஓடும். ஆக, ஒரு முழு ஆள் வேண்டுமென்றால் ஐந்து மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கடைகளுக்கு ஆண்டின் பெரிய நெரிசல் தீபாவளி. அக்டோபர் முதல் தேதி எல்லோரும் தயாராக இருக்க வேண்டுமானால் ஜூலை முதல் தேதி சேர்ந்திருக்க வேண்டும். மே முதல் வாரம் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? செப்டம்பரில் போன் ஓயாமல் அடிக்கும்போது அவசரமாக ஒப்புதல் வரும். ஆட்கள் நவம்பரில் சேருவார்கள். தீபாவளிப் பட்டாசுச் சத்தம் ஓய்ந்த பிறகு பயிற்சி நடக்கும். அந்தப் பயிற்சியைக் கொடுப்பவர்களும் போனிலிருந்து எழுப்பப்பட்ட அனுபவசாலிகள்தான்.

அதனால் 18 பேரையும் ஆண்டு முழுக்கச் சீராகப் பரப்ப முடியாது. அக்டோபருக்குள் கடைகள் 5,500 ஆகும், அதற்குள் மூன்று பேர் விலகியிருப்பார்கள் என்று பார்த்தால், ஒன்பது பேர் ஜூலை முதல் தேதிக்குள் சேர வேண்டும். மீதி ஒன்பது பேர் டிசம்பருக்குள். அதற்குப் பிறகு சேருபவர் மார்ச் கணக்குக்கு உதவமாட்டார். ஒன்பது பேரையும் ஒரே நாளில் உட்கார வைத்தால் பழையவர்கள் பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டிவரும்; ஆகவே ஜூனில் நால்வர், ஜூலையில் ஐவர் என்று பிரிப்பதே நல்லது.

கணக்கு எங்கே பொய்க்கும்? "கடைக்கு 3 அழைப்பு" என்ற சராசரியில்தான் முதலில். பழைய கடைக்காரர் மாதம் இரண்டு முறை கூப்பிடுவார். புதிதாக வாங்கியவர் முதல் மாதத்தில் எட்டு முறை கூப்பிடுவார்: பிரின்டர் பேசவில்லை, ஜி.எஸ்.டி. எண் எங்கே போடுவது, நேற்று போட்ட பில்லைக் காணோம். ஆகவே மொத்தக் கடைகளின் எண்ணிக்கையைவிட எந்த மாதத்தில் எத்தனை புதிய கடைகள் என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கிறது. விற்பனைப் பிரிவு மாதம் 250 கடை சேர்ப்பதாகத்தான் திட்டம். செப்டம்பரில் பண்டிகைத் தள்ளுபடி அறிவித்து 500 சேர்த்துவிட்டால், அந்த ஒரு மாதம் மட்டும் 2,000 கூடுதல் அழைப்புகள், 333 மணி நேரம். ஒருவர் மாதத்துக்கு 120 மணி நேரம்போல் பேசுகிறார் என்றால் கிட்டத்தட்ட மூன்று பேரின் வேலை. தள்ளுபடி பற்றி சப்போர்ட் மேலாளருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதியையும் 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியையும் ஒட்டி போன் சூடாகும். அதற்காக ஆள் எடுக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் பயிற்சியும் மீட்டிங்கும் வைக்காமல், வார விடுமுறையை மாற்றிவைத்தாலே சமாளிக்கலாம்.

இன்னொரு பொறி, அழைப்புகளின் எண்ணிக்கையே. எர்லாங் சூத்திரம் கூப்பிட்டவர் பொறுமையாகக் காத்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறது. நம் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டு மறுபடி அடிப்பார். ஆள் பற்றாத மாதத்தில் ஒரே பிரச்சினை மூன்று அழைப்பாகப் பதிவாகும். அந்த எண்ணை அப்படியே அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எடுத்தால் தேவைக்கு மேல் ஆள் கேட்போம். எடுத்த அழைப்புகளை மட்டும் எண்ணினால், எடுக்காமல் போனவை கணக்கிலேயே வராது, குறைவாகக் கேட்போம். ஒரே எண்ணிலிருந்து ஒரே நாளில் வந்த அழைப்புகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது இரண்டுக்கும் ஓரளவு மருந்து.

ஆள் எடுப்பதற்கு முன்னால் அழைப்புகளின் காரணப் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆறில் ஓர் அழைப்பு பிரின்டர் இணைப்புப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் மாதம் 21,000 அழைப்பில் அது 3,500. 583 மணி நேரம். ஏறத்தாழ ஐந்து பேரின் வேலை. மென்பொருள் குழு அந்தத் திரையைச் சீர்செய்து பாதி குறைத்தாலும் இரண்டு பேரை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் "செய்கிறோம்" என்று சொன்னதை நம்பித் திட்டத்தில் முன்கூட்டியே கழிக்கக் கூடாது. குறைந்ததைப் பார்த்த பிறகு கழிக்க வேண்டும்.

ஆக, மார்ச்சில் கேள்வி வரும்போது இந்தக் குழுவின் மேலாளர் கொடுக்க வேண்டியது ஒற்றை எண் அல்ல. ஜூலைக்குள் ஒன்பது பேருக்கு இப்போதே ஒப்புதல், அதற்கு 13 கடிதங்கள். டிசம்பர் ஒன்பதை ஆகஸ்ட் இறுதியில் முடிவு செய்யலாம். அப்போது கடைகளின் எண்ணிக்கை 5,250-ஐத் தொட்டிருக்கிறதா, ஓர் அழைப்புக்கு ஆகும் நேரம் 10 நிமிடத்திலேயே நிற்கிறதா, விலகியவர்கள் மூன்று பேருக்குள் இருக்கிறார்களா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். புதியவர்கள் 14 நிமிடம் எடுத்துக்கொள்வதால் சராசரி 11 ஆகியிருந்தால், அழைப்பு பத்து சதவீதம் கூடியதற்குச் சமம். அப்போது ஒன்பது போதாது. கடைகள் 4,800-இலேயே நின்றுவிட்டால் ஐந்து பேரை எடுத்துவிட்டு மீதியை நிறுத்திவைக்கலாம்.