எல் ஏன் ஜே ஆகாது?

டெட்ரிஸ் ஆட்டத்தில் மேலிருந்து விழும் துண்டுகள் 7 வகை. அவற்றில் இரண்டுக்கு எல், ஜே என்று பெயர். மூன்று கட்டம் உயரமாக நின்று அடியில் ஒரு கட்டம் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது எல். இடப்பக்கம் நீட்டினால் ஜே. ஜே மட்டுமே பொருந்தும் ஓட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது எல் வந்து சேரும். பொத்தானை அழுத்தி அழுத்திச் சுழற்றுவோம். நான்காவது அழுத்தலில் அது பழைய நிலைக்கே வந்து நிற்கும், ஒருமுறைகூட ஜே ஆகியிருக்காது.

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவருக்குத் தூண்டுதலாக இருந்தது பென்டோமினோ என்ற புதிர். ஐந்து சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டிச் செய்த 12 துண்டுகள் அதில் உண்டு. மரத்துண்டைக் கையில் எடுத்துக் குப்புறப் புரட்டிப் போடலாம் என்பதால்தான் 12. புரட்டக் கூடாது என்று விதி வைத்தால், அவற்றில் ஆறு துண்டுகளின் கண்ணாடிப் பிம்பங்கள் தனித் துண்டுகளாகி, கணக்கு 18 ஆகிவிடும். நான்கு சதுரத் துண்டுகளும் அப்படியே: புரட்டலாம் என்றால் 5, கூடாது என்றால் 7. திரையில் ஓடும் துண்டை வெளியே எடுத்துப் புரட்ட வழியில்லை. அதனால் டெட்ரிஸில் 7.

புரட்டுவதால் முடிகிற ஒன்று, எத்தனை சுழற்றினாலும் ஏன் முடிவதில்லை? ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொண்டால் விடை கையோடு கிடைத்துவிடும்.

எல் வடிவத்தை மூன்று புள்ளிகளால் குறித்துக்கொள்வோம். மூலை (1, 1), உச்சி (1, 4), கால்நுனி (3, 1). இதை இடமிருந்து வலமாகவோ மேலும் கீழுமாகவோ திரும்பாமல் தள்ளுவது இடப்பெயர்வு. ஒரு புள்ளியில் ஆணி அடித்துத் திருப்புவது சுழற்சி. ஒரு கோட்டைக் கண்ணாடியாக வைத்து மறுபக்கத்துக்கு மாற்றுவது எதிரொளிப்பு. பள்ளிப் பாடத்தில் மூன்றும் தனித்தனிப் பகுதிகளாக வருவதால், சமமான மூன்று வித்தைகள் போலத் தோன்றும். உண்மையில் எதிரொளிப்பு ஒன்று போதும். மற்ற இரண்டையும் அதை வைத்தே செய்துவிடலாம்.

முதல் கண்ணாடியாக y அச்சை எடுத்துக்கொள்வோம். (x, y) என்ற புள்ளி (-x, y) ஆகும். மூலை (-1, 1)-க்கும், உச்சி (-1, 4)-க்கும், கால்நுனி (-3, 1)-க்கும் போகின்றன. கால் இப்போது இடப்பக்கம் நீட்டுகிறது. எல் ஜே ஆகிவிட்டது. இரண்டாவது கண்ணாடி, கட்டங்களின் மூலைவிட்டமாக ஆதிப்புள்ளி வழியே ஏறும் y = x என்ற கோடு. இதில் எதிரொளித்தால் இரண்டு எண்களும் இடம் மாறிக்கொள்ளும். மூலை (1, -1), உச்சி (4, -1), கால்நுனி (1, -3). வரைந்து பாருங்கள்: எல் மறுபடி எல் ஆகிவிட்டது, ஆனால் படுத்துக் கிடக்கிறது. ஆதிப்புள்ளியை மையமாக வைத்து முதல் எல்லைக் கடிகார முள் போகும் திசையில் 90 பாகை சுழற்றினாலும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள கோணம் 45 பாகை. கிடைத்த சுழற்சி அதைப் போல் இரண்டு மடங்கு. எந்தக் கோணம் என்றாலும் இந்த இரட்டிப்பு மாறாது. கோடுகள் வெட்டும் புள்ளியே சுழற்சி மையம். முதல் கண்ணாடியிலிருந்து இரண்டாவதை நோக்கிப் போகும் திசையே சுழலும் திசை. அதனால் வரிசையை மாற்றி, மூலைவிட்டத்தில் முதலிலும் y அச்சில் பிறகும் எதிரொளித்தால், அதே 90 பாகை எதிர்த்திசையில் வரும். மூலை (-1, 1)-ல் போய் நிற்கும்.

கண்ணாடிகள் ஒன்றையொன்று வெட்டாமல் இணையாக இருந்தால்? y அச்சிலும், அடுத்து x = 5 என்ற கோட்டிலும் எதிரொளிப்போம். முதல் எண் x என்பது -x ஆகி, பிறகு 10 + x ஆகும். உருவம் திரும்பாமல் அப்படியே 10 கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. இங்கும் அதே இரட்டிப்பு: இடைவெளி 5, நகர்வு 10.

ஆக, ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் இரண்டு கண்ணாடிகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு இடப்பெயர்விலும் அப்படியே. மூலை, உச்சி, கால்நுனி என்று எல்லைச் சுற்றி வந்தால் கடிகாரத் திசையில் போகிறோம். ஒரு எதிரொளிப்பு அதை எதிர்த்திசையாக்கும், இன்னொன்று திரும்பச் சரியாக்கும். டெட்ரிஸ் பொத்தான்கள் சுழற்றும், நகர்த்தும். இரண்டுமே இரட்டைப் படையில்தான் கண்ணாடிகளைச் செலவு செய்கின்றன. ஜே ஆவதற்கு ஒற்றைப் படை வேண்டும். இரட்டைகளை எத்தனை கூட்டினாலும் ஒற்றை வராது, அவ்வளவுதான்.

சுழற்சியையும் நகர்வையும் சேர்க்கும்போதுதான் பலரும் தடுமாறுவார்கள். எல்லை ஆதிப்புள்ளியைச் சுற்றிக் கடிகாரத் திசையில் 90 பாகை திருப்பி, பிறகு 6 கட்டம் வலப்பக்கம் தள்ளினால், மூலை (7, -1)-க்கு வரும். முதலில் தள்ளிவிட்டுப் பிறகு திருப்பினால் அதே மூலை (1, -7)-ல் நிற்கும். இரண்டு விடைகளும் ஒரே மாதிரி படுத்த எல்தான், ஆனால் வேறு வேறு இடங்களில்.

இதில் அழகான விஷயம், இரண்டுமே தனியொரு சுழற்சிக்குச் சமம் என்பது. மையம்தான் மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, அசையாமல் நிற்கும் புள்ளி எது என்று கேட்டால் போதும். முதல் கணக்கில் (x, y) என்பது (y + 6, -x) ஆகிறது. x = y + 6, y = -x என்ற இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் மையம் (3, -3). 6-க்குப் பதில் 5 கட்டம் தள்ளினால் மையம் (2.5, -2.5), அதாவது ஒரு கட்டத்தின் நட்டநடுப் புள்ளி. கட்டமூலைகளைக் கட்டமூலைகளிலேயே கொண்டுபோய் வைக்கும் எந்த 90 பாகைச் சுழற்சிக்கும் மையம் ஒரு கட்டமூலையாக இருக்கும், இல்லையென்றால் கட்டத்தின் நடுவாக இருக்கும். கட்டத்தின் விளிம்பில் வேறெங்காவது உங்கள் மையம் விழுந்தால் கணக்கில் எங்கோ தப்பு.

ஒற்றைப் படைப் பக்கத்தில் இன்னொரு உருப்படி மிச்சம் இருக்கிறது. x அச்சில் எதிரொளித்து, அந்த அச்சின் வழியாகவே 3 கட்டம் தள்ளினால், ஈரமணலில் நடந்தவரின் இடது, வலது காலடிகளைப் போல உருவம் மாறி மாறி விழும். இதற்கு மூன்று கண்ணாடிகள் தேவை. இதை ஒரே எதிரொளிப்பாகவோ ஒரே சுழற்சியாகவோ ஒரே நகர்வாகவோ எழுத முடியாது. இருமுறை செய்தால் மட்டும் 6 கட்ட நகர்வாகிவிடும். வடிவமும் அளவும் மாறாமல் தாளில் செய்யக்கூடியவை இந்த நான்கு வகைதான், மூன்று கண்ணாடிகளுக்கு மேல் எதற்கும் வேண்டியதில்லை.

தேர்வில் ‘இது எந்த ஒற்றை உருமாற்றம்’ என்று கேட்டால், முதலில் புள்ளிகளைச் சுற்றிவரும் திசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சுழற்சி என்று தெரிந்தால் மையம், கோணம், திசை மூன்றையும் எழுதுங்கள். மையம் எழுதாத சுழற்சி பாதி விடைதான்.